அரைவட்டத்தைச் சுழற்றினால் 4πr² எப்படி வருகிறது? சாய்வில் ஒளிந்திருக்கும் கணக்கு

கோளத்தின் கன அளவைத் தொகையீட்டால் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்ட மாணவர், அதே வழியில் புறப்பரப்பையும் கண்டுபிடிக்கப் பார்ப்பது இயல்புதான். கோளத்தை மெல்லிய வில்லைகளாக நறுக்குகிறோம். x என்ற இடத்தில் வில்லையின் ஆரம் y, தடிமன் dx. கன அளவுக்கு πy² dx-ஐக் கூட்டினோம், சரியான விடை வந்தது. ஆகவே புறப்பரப்புக்கு வில்லையின் சுற்றளவை, அதாவது 2πy-ஐ, dx-ஆல் பெருக்கிக் கூட்டினால் போதும் என்று தோன்றும். கூட்டிப் பார்ப்போம்.

y = √(r² − x²) என்பது அரைவட்டத்தின் சமன்பாடு. −r முதல் r வரை y-இன் தொகை அரைவட்டத்தின் பரப்பு, அதாவது πr²/2. அதை 2π-ஆல் பெருக்கினால் கிடைப்பது π²r². எண்ணில் சொன்னால் ஏறக்குறைய 9.87 r². ஆனால் கோளத்தின் புறப்பரப்பு 4πr², அதாவது 12.57 r². ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகவே குறைகிறது. வில்லைகளை எவ்வளவு மெல்லியதாக நறுக்கினாலும் இந்தக் குறை தீராது. தொகையீட்டில் கைத்தவறு எதுவும் இல்லை; தொகையிட எடுத்துக்கொண்ட உருப்படிதான் தவறு. அது ஏன் தவறு என்று தெளிந்துவிட்டால், சரியான சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்காது.

கன அளவுக்கு ஒத்துவந்தது பரப்புக்கு ஏன் ஒத்துவரவில்லை

ஒரு வில்லையின் விளிம்பைக் கவனியுங்கள். இடப்பக்கம் ஆரம் y, வலப்பக்கம் சற்றே வேறுபட்ட ஆரம் y + Δy. உண்மையான விளிம்பு சாய்வானது. நாம் அதை நேராக நிற்கும் உருளையின் விளிம்பு என்று வைத்துக்கொண்டோம். கன அளவைப் பொறுத்தவரை இதனால் விடுபடுவது, அகலம் Δx-உம் உயரம் Δy-உம் கொண்ட சிறு முக்கோணம் அச்சைச் சுற்றி வரும்போது உண்டாகும் வளையம். அதன் கன அளவு ஏறக்குறைய πy Δx Δy. இரண்டு சிறிய அளவுகள் பெருகி நிற்கின்றன. வில்லைகளின் எண்ணிக்கையைப் பத்து மடங்காக்கினால் ஒவ்வொரு பிழையும் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகும். மொத்தப் பிழை பத்தில் ஒன்றாகக் குறையும். எல்லையில் அது மறைந்துபோகும்.

பரப்பில் நடப்பது வேறு. சாய்ந்த விளிம்பின் நீளம் √(Δx² + Δy²). நாம் எடுத்துக்கொண்டது Δx. இரண்டுக்கும் உள்ள விகிதம் √(1 + (Δy/Δx)²). வில்லையை எவ்வளவு மெல்லியதாக்கினாலும் Δy/Δx பூச்சியத்தை நோக்கிப் போகாது. அந்த இடத்தில் வளைவரையின் சாய்வு என்னவோ அதை நோக்கித்தான் போகும். சாய்வு 1 ஆக உள்ள இடத்தில் நாம் எடுத்த பட்டை √2-இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 71 சதவீதம். பத்து வில்லையானாலும் பத்து லட்சம் வில்லையானாலும் அதே 71 சதவீதம். பிழை ஒவ்வொரு பட்டையிலும் நிலையான விகிதத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் நறுக்கி நறுக்கி அதை விரட்ட முடிவதில்லை.

படிக்கட்டு போல் அடுக்கிய உருளைகளின் பரப்பு கோளத்தை நெருங்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். புள்ளிகளைப் பார்த்தால் நெருங்குவது உண்மைதான். ஆனால் பரப்பளவு ஒத்துப்போக அது போதாது. துண்டுகள் பார்க்கும் திசையும் கோளத்தின் தொடுதளத்தோடு ஒத்துப்போக வேண்டும். படிக்கட்டின் முகங்கள் ஒன்று அச்சுக்கு இணையாகக் கிடக்கும், அல்லது அச்சுக்குச் செங்குத்தாக நிற்கும். நடுவில் சாய்ந்து நிற்பது எதுவும் இல்லை. செங்குத்து வளையங்களையும் சேர்த்துக்கொண்டால் என்ன ஆகும்? இரு பக்கமும் அவை சேர்ந்து 2πr² கொடுக்கும். மொத்தம் π²r² + 2πr², ஏறக்குறைய 16.15 r². இப்போது விடை மிகையாகிவிடுகிறது. விட்டால் குறை, சேர்த்தால் மிகை. சாய்வான துண்டுகளால்தான் மூட வேண்டும்.

சரியான துண்டு: கூம்பின் இடைக்கண்டம்

அரைவட்டத்தின் மேல் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளை ஒரு நாணால் இணையுங்கள். அந்த நாண் அச்சைச் சுற்றி வரும்போது உண்டாவது கூம்பின் இடைக்கண்டம். அதன் வளைபரப்பைக் காண்பது எளிது. பெரிய கூம்பின் ஆரம் y₁, சாயுயரம் l₁. வெட்டி எடுத்த சிறிய கூம்பின் ஆரம் y₂, சாயுயரம் l₂ என்க. கழித்தால் πy₁l₁ − πy₂l₂. இரண்டு கூம்புகளும் வடிவொத்தவை என்பதால் y₁l₂ = y₂l₁. இதைப் பயன்படுத்திக் காரணிப்படுத்தினால்,

```
வளைபரப்பு = π (y₁ + y₂) L ,   L = l₁ − l₂
```

அதாவது, சராசரி சுற்றளவை நாணின் நீளத்தால் பெருக்கிய அளவு. உருளைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த L மட்டுமே. கிடைத்தூரம் அல்ல, சாய்ந்த நீளம்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் விஷயம் துலங்கும். ஆரம் 10 செ.மீ. கொண்ட கோளம். அச்சின் மேல் 1 செ.மீ. இடைவெளியில் மூன்று வில்லைகளை மட்டும் எடுப்போம்: நடுவிலிருந்து முதல் வில்லை, முனைக்கு முந்தையது, முனையில் உள்ளது.

x = 0 முதல் 1 வரை: ஆரங்கள் 10, 9.950. நாண் நீளம் 1.0013. வளைபரப்பு 62.75 ச.செ.மீ.

x = 8 முதல் 9 வரை: ஆரங்கள் 6, 4.359. நாண் நீளம் 1.922. வளைபரப்பு 62.54.

x = 9 முதல் 10 வரை: ஆரங்கள் 4.359, 0. நாண் நீளம் 4.472. வளைபரப்பு 61.24.

ஆரம் பத்திலிருந்து பூச்சியம் வரை சுருங்கியிருக்கிறது. வளைபரப்போ கிட்டத்தட்ட அசையவே இல்லை. சுற்றளவு எவ்வளவு சுருங்குகிறதோ, நாண் அவ்வளவு நீள்கிறது. கடைசி வில்லையில் இருக்கும் சிறு குறையும் நாணைப் பயன்படுத்தியதால் வந்ததுதான். அதே இடத்தை 9.5-இல் இரண்டாகப் பிரித்துக் கணக்கிட்டால் கூடுதல் 62.37 ஆக உயரும். மூன்று பட்டைகளும் போய்ச் சேர வேண்டிய இடம் 62.83, அதாவது 2π × 10 × 1.

இதே மூன்று இடங்களிலும் சாய்வை விட்டுவிட்டு dx-ஐ வைத்துக் கணக்கிட்டிருந்தால் முறையே 62.67, 32.54, 13.69 கிடைத்திருக்கும். நடுவில் பிழை தெரியாது. முனையை நெருங்க நெருங்க பரப்பு கொட்டிப்போகிறது. π²r² என்ற விடையில் காணாமல்போன பகுதி எங்கே போயிற்று என்பதற்கு இந்த எண்களே பதில்.

தொகையீடு

நாண்களை எல்லையில்லாமல் சிறிதாக்கினால் L என்பது வில்லின் நுண்துண்டு ds ஆகும். y₁ + y₂ என்பது 2y ஆகும். ஆகவே x அச்சைச் சுற்றிச் சுழலும் எந்த வளைவரைக்கும்,

```
S = ∫ 2πy ds = ∫ 2πy √(1 + (dy/dx)²) dx
```

இங்கே y குறைக்குறி இல்லாததாக இருக்க வேண்டும், ஏனென்றால் அது அச்சிலிருந்து உள்ள தூரம். அரைவட்டத்தில் y = √(r² − x²). வகையிட்டால் dy/dx = −x/√(r² − x²). வர்க்கப்படுத்தி ஒன்றைக் கூட்டினால்,

```
1 + (dy/dx)² = 1 + x²/(r² − x²) = r²/(r² − x²)
```

வர்க்கமூலம் r/√(r² − x²), அதாவது r/y. இதை 2πy-ஆல் பெருக்கும்போது y அடிபட்டுப் போகிறது:

```
S = ∫ 2πy · (r/y) dx = ∫ 2πr dx   (x = −r முதல் r வரை)
  = 2πr · 2r = 4πr²
```

வழியில் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. 1 + x²/(r² − x²) என்பதைச் சுருக்காமல் வர்க்கமூலத்தைத் தனித்தனியாக எடுத்து 1 + x/√(r² − x²) என்று எழுதிவிடுவது ஒன்று. இதைக் கண்டுபிடிப்பது எளிது: அப்படி எழுதினால் கோவை x-க்கும் −x-க்கும் வேறுவேறாக வரும், கோளமோ இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறது. இன்னொன்று, dx-க்குப் பதிலாக dy-ஐ வைத்துத் தொகையிடும்போது வருவது. அப்போது ds = r dy/√(r² − y²). y பூச்சியத்திலிருந்து r வரை ஓடும்போது கிடைப்பது 2πr² மட்டுமே. அது அரைக்கோளம். ஒரே y உயரத்தில் அரைவட்டம் இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு புள்ளிகளைத் தருகிறது; தொகையீடு அவற்றில் ஒரு பக்கத்தைத்தான் பார்த்தது. இரண்டால் பெருக்க வேண்டும்.

மேலே உள்ள வகையிடலையே தவிர்க்கும் சுருக்கமான வழி ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்தமானது, ஏனென்றால் அதில் பின்னமே வருவதில்லை. y√(1 + y′²) என்பதை √(y² + (yy′)²) என்று எழுதுங்கள். x² + y² = r² என்பதை அப்படியே வகையிட்டால் x + yy′ = 0, ஆக yy′ = −x. எனவே வர்க்கமூலத்துக்குள் இருப்பது y² + x², அதாவது r². ஒரே வரியில் முடிந்தது. வட்டத்தின் சமன்பாடே விடையாகத் திரும்பி வருகிறது.

முனைகளில் என்ன நடக்கிறது

x = r என்ற இடத்தில் அரைவட்டம் அச்சைச் செங்குத்தாகத் தொடுகிறது. அங்கே dy/dx முடிவிலி. ஆகவே √(1 + y′²) அங்கே வரையறுக்கப்படவில்லை. y பூச்சியம், மற்றது முடிவிலி. இரண்டையும் பெருக்கினால் என்ன என்று அந்தப் புள்ளியில் கேட்க முடியாது. y அடிபட்டுவிட்டதே, பிறகென்ன கவலை என்று கடந்துபோவது பெரும்பாலான விடைத்தாள்களில் நடப்பது. விடை சரியாகவே வரும். ஆனால் y-ஆல் வகுத்திருக்கிறோம், முனையில் y = 0 என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

முறைப்படி செய்வதென்றால் முனைகளிலிருந்து ε தள்ளி நின்று, −r + ε முதல் r − ε வரை தொகையிட வேண்டும். கிடைப்பது 2πr(2r − 2ε). ε பூச்சியத்தை நோக்கிச் செல்லும்போது 4πr². கணினியில் இந்தத் தொகையை எண்முறையில் கணக்கிடுபவர்களுக்கு இது வெறும் சம்பிரதாயம் அல்ல: y′-ஐத் தனியாகவும் y-ஐத் தனியாகவும் கணக்கிட்டு, முனைப்புள்ளியையும் சேர்த்துக்கொள்ளும் நிரல் பூச்சியத்தால் வகுக்க நேர்ந்து நின்றுபோகும், அல்லது எண்ணல்லாத ஒன்றைத் திருப்பித் தரும்.

இதைச் சுற்றிப் போக நல்ல வழி, கோணத்தைத் துணையலகாக எடுத்துக்கொள்வது. x = r cos θ, y = r sin θ. வட்டத்தில் வில்லின் நீளம் ஆரம் பெருக்கல் கோணம் என்பதால் ds = r dθ. முடிவிலி எங்கும் தலைகாட்டாது:

```
S = ∫ 2π (r sin θ)(r dθ)   (θ = 0 முதல் π வரை)
  = 2πr² [−cos θ] = 2πr² (1 + 1) = 4πr²
```

இங்கே கோணம் ரேடியனில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ds = r dθ என்பதே பொய்த்துவிடும். எல்லையும் π-யோடு நிற்க வேண்டும். முழு வட்டமாயிற்றே என்று 2π வரை கொண்டுபோனால் தொகை பூச்சியமாகும், ஏனென்றால் π-க்குப் பிறகு sin θ குறைக்குறியாகிறது. குறியைச் சரிசெய்துகொண்டு மட்டு மதிப்பை எடுத்தால் 8πr² வரும். முழு வட்டத்தை முழுச் சுற்றுச் சுழற்றினால் கோளத்தின் ஒவ்வொரு புள்ளியும் இரண்டு முறை மூடப்படுகிறது. அதனால்தான் தலைப்பிலேயே அரைவட்டம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

தொகையீடு இல்லாமல் ஒரு சரிபார்ப்பு

அரைவட்டத்தை n சம வில்களாகப் பிரித்து, நாண்களைச் சுழற்றி, இடைக்கண்டங்களின் வளைபரப்பைக் கூட்டினால் அதற்கு ஒரு மூடிய சூத்திரமே கிடைக்கிறது. ஒவ்வொரு வில்லின் கோணம் α = π/n. எல்லா நாண்களுக்கும் நீளம் ஒன்றே, 2r sin(α/2). உச்சிப்புள்ளிகளின் ஆரங்கள் r sin α, r sin 2α என்று போகின்றன. இரண்டு முனைகளிலும் ஆரம் பூச்சியம். π(y₁ + y₂)L-ஐ எல்லாத் துண்டுகளுக்கும் கூட்டும்போது இடையில் உள்ள ஒவ்வொரு ஆரமும் இரண்டு முறை வரும். ஆகவே,

```
மொத்தம் = 2πr² · 2 sin(α/2) [ sin α + sin 2α + … + sin (n−1)α ]
```

2 sin(α/2) sin(kα) என்பது cos(k − ½)α − cos(k + ½)α. இப்படி ஒவ்வொரு உறுப்பையும் பிரித்தால் அடுத்தடுத்தவை கழிந்து, முதலும் கடைசியும் மட்டும் மிஞ்சும்: cos(α/2) − cos(π − α/2), அதாவது 2 cos(α/2). எனவே,

```
மொத்தம் = 4πr² cos(π/2n)
```

4πr² முன்னால் வந்து நிற்கிறது. நாண்களால் ஏற்படும் குறை முழுவதும் அந்த ஒரு கோசைனுக்குள் அடங்கிவிட்டது. r = 10 எனில் உண்மையான விடை 1256.64. ஆறு நாண்களுக்கு 1213.8, பத்துக்கு 1241.2, தொண்ணூறுக்கு 1256.4. மேலே பார்த்த π²r²-இலோ எத்தனை வில்லை எடுத்தாலும் 987-ஐத் தாண்ட வழியில்லை. இரண்டையும் ஒரு தாளில் அருகருகே கணக்கிட்டுப் பார்த்தால், குறைந்துகொண்டே போகும் பிழைக்கும் நிலையாக நிற்கும் பிழைக்கும் உள்ள வேறுபாடு நேராகத் தெரியும்.

வட்டத்துக்குள் சம பக்கங்கள் கொண்ட பலகோணத்தை வரைந்து, அதை விட்டத்தைச் சுற்றிச் சுழற்றும் இந்த வழி, கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் 'கோளமும் உருளையும்' என்ற நூலில் எடுத்துக்கொண்டது. கோசைனோ தொகையீடோ அப்போது இல்லை. வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டே கூட்டுத்தொகையைக் கண்டு, கோளத்தின் புறப்பரப்பு அதன் பெரு வட்டத்தின் நான்கு மடங்கு என்று நிறுவினார்.

அடிபட்டுப் போன y சொல்லும் செய்தி

தொகையிடும் கோவை 2πr dx ஆகிவிட்டது என்பது கணக்கின் வசதி மட்டுமல்ல. அதில் x-ஏ இல்லை. அதாவது, அச்சின் மேல் ஒரே தடிமன் கொண்ட எந்த இரண்டு வில்லைகளும் ஒரே அளவு புறப்பரப்பைத்தான் கொண்டிருக்கும். ஒரு சாத்துக்குடியைச் சம தடிமனில் வட்டவட்டமாக நறுக்கினால், அது சரியான கோளமாக இருக்கும் பட்சத்தில், நடுத்துண்டிலும் ஓரத்துண்டிலும் தோலின் வெளிப்பரப்பு ஒன்றே. சுளை ஓரத்துண்டில் மிகக் குறைவு, தோல் மட்டும் குறையவில்லை.

ஏன் இப்படி என்பதைப் படத்தில் காணலாம். வட்டத்தின் மேல் ஒரு புள்ளியிலிருந்து மையத்துக்கு ஆரத்தை வரையுங்கள். அச்சுக்குச் செங்குத்தும் வரையுங்கள். செங்கோண முக்கோணத்தின் கர்ணம் r, நிற்கும் பக்கம் y. அதே புள்ளியில் வில்லின் நுண்துண்டு ds-ஐக் கர்ணமாகவும் dx-ஐக் கிடைப்பக்கமாகவும் கொண்ட சின்ன முக்கோணத்தை வரையுங்கள். தொடுகோடு ஆரத்துக்குச் செங்குத்து என்பதால் சின்ன முக்கோணம் பெரியதை 90 பாகை திருப்பி வைத்தது போன்றது. ஆகவே ds/dx = r/y. பெருக்கினால் y ds = r dx. வகையீடு கற்காதவருக்கும் இந்த ஒரு படம் போதும்.

இதிலிருந்து ஒரு பட்டையின் பரப்பு 2πrh என்று வருகிறது. h என்பது அச்சின் மேல் அதன் உயரம். கோளத்தைச் சுற்றி இறுக்கமாக ஒரு உருளையை மாட்டினால், உருளையின் அதே உயரத்துப் பட்டையின் பரப்பும் 2πrh. முழுக் கோளத்துக்கு h = 2r. 1150-ஆம் ஆண்டு வாக்கில் எழுதப்பட்ட லீலாவதியில் பாஸ்கராச்சாரியார் தரும் விதியும் விட்டத்தைப் பரிதியால் பெருக்கச் சொல்வதற்குச் சமமானதே: 2r × 2πr. நம் தொகையீட்டின் கடைசி வரியும் அதே பெருக்கல்தான்.

பூமியில் வைத்துப் பார்க்கலாம். அட்சரேகை φ-இல் நிலநடுக்கோட்டுத் தளத்திலிருந்து உயரம் R sin φ. ஆகவே நிலநடுக்கோட்டின் இரு பக்கமும் φ வரை உள்ள பகுதி, மொத்தப் பரப்பில் sin φ பங்கு. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையில், φ = 23.44 பாகை, அது 0.398. பூமியின் மேற்பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதம் வெப்ப மண்டலத்தில் அடங்குகிறது. 30 பாகை வடக்கு முதல் 30 பாகை தெற்கு வரை எடுத்தால் சரிபாதி. மறுபுறம், 60 பாகைக்கு வடக்கே உள்ள முழுப் பகுதியும் 6.7 சதவீதம் மட்டுமே. சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று கொண்டால் மொத்தப் பரப்பு சுமார் 51 கோடி ச.கி.மீ., ஆக அந்த வடமுனைத் தொப்பி மூன்றரைக் கோடி ச.கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. சுவரில் தொங்கும் வழக்கமான மெர்காட்டர் படத்தில் அந்தத் தொப்பி கண்ணை நிறைக்கும். 1772-இல் ஜோஹான் ஹைன்ரிக் லாம்பெர்ட் தந்த சம பரப்பு உருளை வரைபடம், அட்சரேகைகளை R sin φ உயரத்திலேயே வரைகிறது. அங்கே பரப்புகள் ஏமாற்றுவதில்லை. பதிலுக்குத் துருவங்களுக்கு அருகில் வடிவங்கள் நசுங்கிக் கிடக்கும்.

வேறு எந்த வளைவரைக்கு இது நடக்கும்

y√(1 + y′²) எங்கும் r என்ற மாறிலியாக இருக்க வேண்டும் என்று கேட்டால், y² + (yy′)² = r². u = y² என்று வைத்தால் (u′)² = 4(r² − u). இதன் தீர்வுகள் u = r² − (x − c)², மற்றும் u = r². முதலாவது வட்டம், இரண்டாவது உருளையைத் தரும் நேர்கோடு. இவை இரண்டும் வழவழப்பாக இணையவும் முடியும்: உருளையின் இரு முனைகளிலும் அதே ஆரமுள்ள அரைக்கோளங்களை ஒட்டினால், கேப்சூல் மாத்திரை போன்ற வடிவம். அதன் முழுப் புறப்பரப்பும் 2πr பெருக்கல் முனைக்கு முனை நீளம். ஆரம் 1 மீட்டர், மொத்த நீளம் 6 மீட்டர் கொண்ட தொட்டி என்றால் 2π × 1 × 6, அதாவது 37.7 ச.மீ. தனித்தனியாகக் கூட்டினாலும் உருளைப் பகுதி 25.13, இரண்டு அரைக்கோளங்கள் 12.57, அதே விடை. வண்ணம் பூசவோ தகடு வாங்கவோ கணக்கிடுபவர் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: பல அழுத்தத் தொட்டிகளின் முனைகள் அரைக்கோளம் அல்ல, தட்டையான நீள்வட்ட முனைகள். அங்கே இந்தச் சுருக்கவழி செல்லாது.

நீள்வட்டத்தில் என்ன ஆகிறது என்று பார்த்தால் செல்லாமல் போவதன் காரணம் புரியும். அரை அச்சுகள் a, b. x அச்சைச் சுற்றிச் சுழற்றுகிறோம். a பெரியது என்க. அதே வழியில் y² + (yy′)²-ஐக் கணக்கிட்டால்,

```
y √(1 + y′²) = (b/a) √(a² − e²x²) ,   e² = 1 − b²/a²
```

x அடிபடவில்லை. தொகையிட்டால் விடையில் சைனின் நேர்மாறு வந்து சேர்கிறது:

```
S = 2πb² + 2πab · (sin⁻¹ e)/e
```

e பூச்சியத்தை நோக்கிச் செல்லும்போது (sin⁻¹ e)/e ஒன்றாகிறது, b-உம் a-உம் சமமாகின்றன, 2πr² + 2πr² என்று 4πr² திரும்பக் கிடைக்கிறது. பூமியும் கண்டிப்பாகப் பார்த்தால் கோளம் அல்ல. நிலநடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357 கி.மீ. குட்டையான அச்சைச் சுற்றிச் சுழலும் நீள்வட்டம் என்பதால் அதற்கான கோவையில் வர்க்கமூலத்துக்குள் கழித்தலுக்குப் பதில் கூட்டல் வரும், சைனின் நேர்மாறுக்குப் பதில் மடக்கை வரும். இரண்டு ஆரங்களுக்கும் வேறுபாடு முந்நூறில் ஒரு பங்கு அளவே என்பதால், மேலே சொன்ன 40 சதவீதமும் சரிபாதியும் சதவீதத்தின் பின்னப் பகுதியில்தான் மாறும்.